சரக்கு தேங்காத பருவத் தொழில்: பெருநாளுக்கும் நிக்காஹுக்கும் மருதாணி



ஒவ்வொரு ஆண்டும் ரமலான் நெருங்கும்போது, நம் உடையார்பாளையத்தில் சில வீடுகளின் முன்னறை துணிக்கடையாக மாறிவிடும். ஈரோட்டிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சுடிதார், நைட்டி, பிள்ளைகள் உடுப்பு என்று மூட்டையாக வாங்கி வந்து, பெருநாளுக்குள் விற்றுவிடலாம் என்று நம் சகோதரிகள் முயல்கிறார்கள். முயற்சி நல்லதுதான். ஆனால் பெருநாள் முடிந்த பிறகு அவர்களில் சிலர் கடன் கேட்டு நமது அலுவலகத்துக்கு வருவதையும் நாம் பார்க்கிறோம். வியாபாரம் நடக்காததால் அவர்கள் வருவதில்லை. வியாபாரம் நடந்தும் பணம் கைக்கு வராததால்தான் வருகிறார்கள்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரூ. 40,000 கடன் வாங்கித் துணி எடுக்கிறோம். நூற்றுக்கு இருபத்தைந்து இலாபம் வைத்து விற்கிறோம். எல்லாம் விற்றால் ரூ. 50,000 வரும். ஆனால் நான்கில் ஒரு பங்கு விற்காமல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கைக்கு வருவது ரூ. 37,500. அசலுக்கே ரூ. 2,500 குறைகிறது. மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால் இரண்டு மாதத்துக்கு ரூ. 2,400 மேலும் போகிறது. முக்கால் பங்கு சரக்கு விற்ற பிறகும் கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய் பள்ளம். மீதித் துணி பீரோவில் இருக்கும், அடுத்த ஆண்டு அந்த டிசைனை யாரும் கேட்க மாட்டார்கள். வட்டியில் விழுந்த பாவமும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே பருவத் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பெருநாள் மறுநாள் காலையில் என் கையில் விற்காமல் என்ன மிஞ்சும்? அதற்கு 'ஒன்றும் மிஞ்சாது' அல்லது 'மிஞ்சினாலும் கெடாது' என்று பதில் வரும் தொழில்தான் சிறு முதலுக்கு ஏற்றது. அப்படிப்பட்ட ஒன்றை மட்டும் எடுத்து, கலவை முதல் கணக்கு வரை இந்த இதழில் விளக்குகிறோம். அது மருதாணி வரையும் தொழில்.

எதை விற்கிறோம்?

மருதாணித் தொழில் என்றதும் கோன் வாங்கி விற்பது என்று பலர் நினைக்கிறார்கள். நாம் சொல்வது அதுவல்ல. இங்கே நாம் விற்பது நம் கைவேலையை. பசை அந்த வேலைக்கான செலவுப் பொருள் மட்டுமே. ஆர்டர் வந்து, முன்பணம் கைக்கு வந்த பிறகே தூளைத் தண்ணீரில் கரைக்கிறோம். கரைக்காத தூள் காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் இருந்தால் ஓராண்டு தாங்கும். கலந்து மிஞ்சிய பசையும் ஃபிரீசரில் இருந்தால் சில மாதங்களுக்கு நிறம் குறையாமல் இருக்கும். சரக்கு தேங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லாதபடி தொழிலை அமைத்துக்கொள்ள முடிகிறது.

தூளைப் பொறுத்தவரை, இந்தியாவில் மருதாணிக்குப் பெயர் பெற்ற ஊர் ராஜஸ்தான் மாநிலம் பாலி மாவட்டத்தில் உள்ள சோஜத். சோஜத் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊர் வேலியில் வளரும் மருதாணி இலையை அம்மியில் அரைத்து வைத்தாலும் நன்றாகச் சிவக்கும். ஆனால் அதில் நாரும் திப்பியும் இருப்பதால் கோனின் ஊசிமுனை வழியாக வராது. கோனில் வரைய மாவைப் போல் நைசாக, துணியில் சலித்த தூள் வேண்டும். வாங்கும்போது 'கைக்கு வரைவதற்கான தூள்' என்று கேட்டு வாங்குங்கள். தலைக்குப் போடும் மருதாணித் தூள் திப்பியாக இருக்கும், அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கக்கூடும்.

தூளைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி தூளைப் போட்டுக் கலக்கிச் சற்று நேரம் விடுங்கள். அடியில் மணல் நின்றால் கலப்படம். தண்ணீர் உடனே கிளிப்பச்சையாக மாறினால் பச்சைச் சாயம் சேர்த்திருக்கிறார்கள். நல்ல தூள் மங்கிய பச்சையாக, காய்ந்த வைக்கோல் வாசனையோடு இருக்கும். கண்ணைப் பறிக்கும் பச்சை நல்ல தூளின் அடையாளமல்ல. முதலில் கால் கிலோ மட்டும் வாங்கி, நம் கையில் வைத்துப் பார்த்த பிறகே ஒரு கிலோ வாங்க வேண்டும்.

நூறு கிராம் கணக்கு

நினைவில் வைத்துக்கொள்ள ஒரே ஓர் அளவு போதும்: தூள் 100 கிராம், சர்க்கரை 30 கிராம், தைலம் 30 மில்லி, எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் பாதிப்பாதியாகச் சேர்த்து 250 முதல் 300 மில்லி. இதிலிருந்து வடிகட்டியதில் போனது போக ஏறத்தாழ 400 கிராம் பசை கிடைக்கும். ஒரு கோனுக்கு 25 கிராம் வீதம் 16 கோன் வரும்.

தைலம் என்பது லாவெண்டர் அல்லது டீ ட்ரீ எண்ணெய். இவை நறுமணத்துக்கு மட்டும் சேர்க்கப்படுவதில்லை, சாயத்தை ஆழமாக்குவதும் இவைதான். கலப்பில்லாததாக வாங்க வேண்டும். கிராம்பு எண்ணெயைச் சிலர் சேர்ப்பார்கள். அது பலருக்குத் தோலை எரிக்கும், தவிர்த்துவிடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் சேர்க்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. அதைச் செய்யவே கூடாது.

சர்க்கரை, பசை காய்ந்து உதிராமல் தோலோடு ஒட்டியிருக்க உதவுகிறது. மழைக்காலத்தில் காற்றில் ஈரம் மிகும்போது சர்க்கரை கூடினால் பசை கசிந்து கோடு பரவும். அப்போது பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கலக்கும் முறை இது. கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் தூளைச் சலித்துப் போட்டு, சர்க்கரையும் தைலமும் சேர்த்து, சாற்றையும் தண்ணீரையும் முக்கால் அளவு மட்டும் ஊற்றி இட்லி மாவைவிடக் கெட்டியாகப் பிசைய வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாளைப் பசையோடு ஒட்டினாற்போல் பரப்பி மூடி வைக்க வேண்டும். அடுப்பில் வைக்கவோ கொதிநீர் ஊற்றவோ கூடாது. இலையில் அடங்கியிருக்கும் சாயம் புளிப்பிலும் மிதமான சூட்டிலும் மெதுவாக வெளியே வரும். நம் ஊர்க் கோடை வெப்பத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். மார்கழி, தை மாதங்களில் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தால் தெளிவான ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும். தெரிந்தால் சாயம் இறங்கிவிட்டது. மேல்பரப்பு பழுப்பாகி உள்ளே பச்சையாக இருப்பதும் அதே அடையாளம். அதன் பிறகு மீதித் தண்ணீரை ஊற்றித் தயிர் பதத்துக்குக் கொண்டு வந்து, நைலான் துணியில் பிழிந்து வடிகட்டிக் கோனில் நிரப்ப வேண்டும். வடிகட்டாமல் நிரப்பினால், மணமகள் கையில் பாதிக் கோடு போகும்போது முனை அடைத்துக்கொள்ளும். குண்டூசியால் எடுத்துச் சமாளிக்கலாம், ஆனால் நேரமும் போகும், பார்ப்பவர்களுக்கு நம்பிக்கையும் போகும்.

சாயம் இறங்கிய பசையை நம் ஊர் வெப்பத்தில் வெளியே வைத்தால் இரண்டு நாளில் வலுவிழக்கும். ஆகவே கோன் நிரப்பியவுடன் மறுநாள் வேலைக்கு என்றால் ஃபிரிட்ஜிலும், அதற்கு மேல் என்றால் ஃபிரீசரிலும் வைக்க வேண்டும். வெளியே கிடந்த கோன் உப்பிக்கொண்டு, முனையைத் திறந்ததும் தண்ணீர் தனியாகப் பிரிந்து வந்தால் அது புளித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

ஒரு நிக்காஹ் ஆர்டர், முதலிலிருந்து கடைசி வரை

ஜெயங்கொண்டத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை நிக்காஹ் என்று வைத்துக்கொள்வோம். மணமகளுக்கு இரு கைகள் முழங்கை வரை, இரு பாதங்கள். உறவுப் பெண்கள் இருபது பேருக்கு ஆளுக்கு ஒரு கை, எளிய கொடி வடிவம்.

முதலில் எந்த நாளில் வரைவது என்று முடிவு செய்ய வேண்டும். பலர் முதல் நாள் இரவு என்பார்கள். அது சரியல்ல. மருதாணியை உதிர்த்தவுடன் ஆரஞ்சு நிறம்தான் தெரியும். அது காற்றுப்பட்டுக் கருஞ்சிவப்பாகி முழு நிறத்துக்கு வர ஏறத்தாழ 48 மணி நேரம் ஆகும். சனிக்கிழமை இரவு வரைந்தால், ஞாயிறு காலையில் மணமகள் கை ஆரஞ்சாகவே இருக்கும், நிக்காஹ் முடிந்த மறுநாள்தான் சிவக்கும். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை வரைவதாகப் பேசிக்கொள்ள வேண்டும். ஏன் என்பதையும் வீட்டாரிடம் விளக்கிவிட வேண்டும்.

வியாழன் காலை எட்டு மணிக்கு 100 கிராம் தூளைக் கலக்கிறோம். பிற்பகல் மூன்று மணியிலிருந்து பொட்டு வைத்துப் பார்க்கிறோம். மாலையில் வடிகட்டி 16 கோன் நிரப்பி ஃபிரிட்ஜில் வைக்கிறோம். மணமகளுக்கு ஆறு கோன், இருபது பேருக்கு எட்டு கோன், கைக்காவலாக இரண்டு. நூறு கிராம் கணக்கு இங்கே சரியாகப் பொருந்துகிறது.

வெள்ளிக்கிழமை அஸர் முடிந்ததும் தொடங்குவது நல்லது. மணமகளுக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். காய்ந்த பசை தோலில் தண்ணீர் படவிடாது என்பதால், அவர் ஒளூவோடு உட்கார்ந்து அதைக் காத்துக்கொண்டால் மக்ரிபையும் இஷாவையும் இடையில் தொழுதுகொள்ளலாம். இரவு முழுவதும் பசை இருந்து, ஃபஜ்ருக்கு முன் உதிர்த்துவிட்டால் ஏழெட்டு மணி நேரம் கிடைத்துவிடும். உதிர்த்த பின் தோலில் நிற்பது நிறம் மட்டுமே, ஒளூவுக்கு அது தடையில்லை.

மணமகள் வீட்டாருக்குச் சொல்லிவிட்டு வர வேண்டியவை மூன்று. வரைவதற்கு முன் கையில் எண்ணெயோ கிரீமோ இருக்கக் கூடாது. பசையைத் தண்ணீரில் கழுவாமல் சுரண்டி உதிர்க்க வேண்டும், பிறகு தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். உதிர்த்த பிறகு முடிந்தவரை அரை நாளாவது தண்ணீரில் கை வைக்காமல் இருக்க வேண்டும். நிறம் பிடிக்கவில்லை என்று வரும் குறைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றைத் தவறவிட்டதால் வருபவை. எதையும் தவறவிடாமலே வெளிறியிருந்தால், தூள் பழையது அல்லது பசை சாயம் இறங்கிய பின் வெளியே நெடுநேரம் கிடந்தது என்று பொருள்.

இனிக் கணக்கு. இங்குள்ள தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை, உங்கள் பகுதி நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள். மணமகளுக்கு ரூ. 2,500, இருபது பேருக்கு ஆளுக்கு ரூ. 100 வீதம் ரூ. 2,000, ஆக வரவு ரூ. 4,500. செலவில் தூள் ரூ. 70, தைலம் ரூ. 300, சர்க்கரையும் எலுமிச்சையும் ரூ. 30, கோன் தாளும் டேப்பும் ரூ. 50, ஆகப் பொருள் செலவு ரூ. 450. போக்குவரத்து ரூ. 200. விருந்தினர் கைகளை வரையக் கூட வரும் பெண்ணுக்கு ரூ. 800. மொத்தம் ரூ. 1,450 போக மிஞ்சுவது ரூ. 3,050. கலந்து வடிகட்டி நிரப்புவது, போய் வருவது, வரைவது எல்லாம் சேர்த்து ஒன்பது மணி நேர உழைப்பு. பணம் அன்றிரவே கையில்.

இதில் கவனிக்க வேண்டியது இலாபத்தைவிட முன்பணம். ஆர்டர் பேசும்போதே ரூ. 1,000 வாங்கிவிட்டால், பொருளுக்கும் போக்குவரத்துக்கும் வேண்டிய ரூ. 650 அதிலேயே அடங்கிவிடுகிறது. நம் பணம் ஒரு ரூபாய்கூட உள்ளே போகவில்லை. நிக்காஹ் தேதி தள்ளிப்போனாலும் கோன்கள் ஃபிரீசரில் காத்திருக்கும்.

முன்பணம் கேட்கக் கூச்சப்படும் சகோதரிகள் இருக்கிறார்கள். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டு. செய்து தருவதாக ஒப்புக்கொள்ளும் வேலைக்கு முன்னதாகப் பணம் பெறுவதை ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்கு மக்கள் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே பணம் கொடுத்து வந்தார்கள். அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்றே கட்டளையிட்டார்கள். நமக்கும் அதுவே வழி. எத்தனை கை, எதுவரை, எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன தொகை, ஒத்திப்போட்டால் முன்பணம் என்னாகும், இவற்றை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். மீதித் தொகையை மணமகள் கை முடிந்ததும், விருந்தினர் கைகள் முடியும் முன்பே வாங்கிக்கொள்வது நல்லது. கல்யாண வீட்டில் நள்ளிரவில் பணம் கொடுப்பவரைத் தேடிப் பிடிப்பது கடினம்.

பெருநாள் இரவும் பிறையும்

பெருநாளில் வேறொரு சிக்கல் உண்டு. ரமலான் 29இல் முடியுமா 30இல் முடியுமா என்பது பிறை தெரியும்வரை யாருக்கும் தெரியாது. துணி, பலகாரம் விற்பவர்களுக்கு இது பெரிய கவலை. மருதாணிக்கு இதைச் சாதகமாக மாற்றிக்கொள்ளலாம்.

28ஆம் நோன்பு முடிந்த இரவையே முதன்மையான இரவாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று வரைந்தவர்களுக்குப் பெருநாள் ஒன்றரை நாளில் வந்தாலும் இரண்டரை நாளில் வந்தாலும் கை நன்றாகச் சிவந்திருக்கும். இதைச் சொல்லி, தராவீஹுக்குப் பிறகான நேரத்துக்கு முன்னதாகவே சீட்டுக் கொடுங்கள். எளிய வடிவத்துக்கு ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றால் நான்கு மணி நேரத்தில் 24 பேர். ஒருவருக்கு 15 கிராம் வீதம் 360 கிராம் பசை. மறுபடியும் 100 கிராம் தூள்தான். சீட்டுக்கு ரூ. 50 முன்னதாக வாங்கிக்கொண்டால், வராதவர்களால் நட்டம் இருக்காது. இருபத்தைந்தாவது ஆள் கேட்டால் அடுத்த இரவுக்குச் சீட்டு எழுதுங்கள். அவசரத்தில் வரைந்த கை அடுத்த ஆண்டு ஆர்டரைக் கெடுக்கும்.

இரண்டாவது 100 கிராமைக் கலந்து கோனாக்கி ஃபிரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். 29ஆம் நோன்பின் மக்ரிபில் பிறை தெரிந்தால் அன்றிரவே அது தேவைப்படும். தெரியாவிட்டால் மறுநாளும் வேலை இருக்கும். அப்படியும் மிஞ்சினால் ஷவ்வால் மாத நிக்காஹ்களுக்குப் பயன்படும். ரமலானில் குறைந்திருந்த திருமணங்கள் ஷவ்வாலில்தான் குவிகின்றன.

பெருநாள் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்கிறது. 2026இல் மார்ச் 20 வாக்கில் அமையும் நோன்புப் பெருநாள், 2027இல் மார்ச் 10 வாக்கிலும், 2030இல் பிப்ரவரித் தொடக்கத்திலும் வரும். குளிர் கூடக்கூட சாயம் இறங்க நேரம் அதிகமாகும் என்பதால், சில ஆண்டுகளில் முதல் நாள் இரவே கலக்க வேண்டிவரும். நம் இந்துச் சகோதரிகளின் வீடுகளிலும் இப்போது திருமணத்துக்கு மெஹந்தி வரைகிறார்கள். தை, பங்குனி, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களையும் தீபாவளியையும் கணக்கில் சேர்த்தால் ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் வேலை இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை என்றாலும், ஆடியில் மருதாணி வைக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு.

கறுப்புக் கோனைத் தொடாதீர்கள்

இந்தத் தொழிலில் பண நட்டத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 'ஒரு மணி நேரத்தில் கறுப்பாக வேண்டும்' என்று கேட்பவர்கள் வருவார்கள். இயற்கையான மருதாணி கறுப்பாகாது, ஒரு மணி நேரத்தில் முழு நிறத்துக்கும் வராது. அப்படிக் கறுக்கும் கோன்களில் தலைமுடிச் சாயத்தில் உள்ள பிபிடி என்ற இரசாயனம் இருக்கக்கூடும். முடிக்கு என்று அளவோடு அனுமதிக்கப்பட்ட அதைத் தோலில் நேரடியாகத் தடவ ஐரோப்பிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் அனுமதி இல்லை.

பிபிடி பட்ட முதல் முறை பலருக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் ஏமாறுகிறோம். ஆனால் உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். அடுத்த முறை அரிப்பும் சிவப்பும் கொப்புளமும் வரும், வரைந்த கோலம் அப்படியே தழும்பாக நிற்கவும் கூடும். பல ஆண்டுகள் கழித்து முடிச்சாயம் போடும்போதுகூட முகம் வீங்கலாம். நிக்காஹுக்கு முந்தைய நாள் ஒரு பெண்ணின் கை கொப்பளித்தால் எந்தத் தொகையும் அதற்கு ஈடாகாது. கடையில் கிடைக்கும் கோனில் சேர்மானம் எழுதப்படாமல், மாதக்கணக்கில் வெளியே கிடந்தும் கெடாமல், பெட்ரோல் போன்ற நெடியோடு இருந்தால் விலகிக்கொள்ளுங்கள். ஆர்டர் போனாலும் போகட்டும்.

இயற்கைப் பசைக்கும் வரம்பு உண்டு. கைக்குழந்தைகளுக்கு வைக்கவே கூடாது. ஜி-6-பி-டி என்ற குறைபாடு பிறவியிலேயே சிலருக்கு இருக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு மருதாணி பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வளர்ந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தைலம் சேர்க்காத கலவையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், நிறம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. காயம், புண், சொறி உள்ள தோலில் வரையக் கூடாது. மணமகளுக்கு வரைவதற்கு முன் முழங்கையின் உட்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். நாம் கலந்த பசையால் நாமே வரைவது ஒன்று, பெயர் ஒட்டிக் கோனைக் கடைகளுக்கு விற்பது வேறு. விற்பனைக்கு அழகுசாதனப் பொருள் தயாரிக்க 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் வேண்டும். அந்த எண்ணம் வந்தால் முதலில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தொடங்க என்ன வேண்டும்?

கால் கிலோ தூள், ஒரு பாட்டில் தைலம், கோன் தாள், டேப், வடிகட்டும் நைலான் துணி, ஒரு சமையலறைத் தராசு. ஃபிரிட்ஜ் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. இல்லாதவர்கள் அக்கம்பக்கத்தில் ஒரு மூலை கேட்டுக்கொள்ளலாம். கடன் வாங்க வேண்டிய அளவுக்கு இது முதல் கேட்பதில்லை.

கேட்பது கைப்பழக்கம். கண்ணாடித் துண்டின் அடியில் வடிவம் வரைந்த தாளை வைத்து, மேலே கோனால் வரைந்து பழகலாம். வரைந்ததைச் சுரண்டி எடுத்து மறுபடியும் நிரப்பிக்கொள்ளலாம், பசை வீணாகாது. கோடு ஒரே தடிமனில் வரும்வரை ஒரு மாதமாவது நாளும் அரை மணி நேரம் பழகுங்கள். பிறகு வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் இலவசமாக வரைந்து, எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை கிராம் செலவாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் தொகை பேசக் கூடாது. மணமகள் ஆர்டர் கடைசியில் எடுக்க வேண்டியது, முதலில் பெருநாள் கைகள். ஆர்டருக்கு வெளியூர் போகும்போது இருவராகப் போங்கள், திரும்பும் வண்டியையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பழகிய கையோடு வரும் சகோதரிகளுக்கு முதல் செலவுக்கு மட்டும் நமது அறக்கட்டளையிலிருந்து வட்டியில்லா அழகிய கடன் கேட்கலாம். வரும்போது துண்டுச்சீட்டில் எழுதிய ஓர் ஆர்டரையும், பொட்டு வைத்துச் சிவந்த உங்கள் உள்ளங்கையையும் காட்டினால் போதும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்